“நோயாளி அமைதியாக உள்ளார்” என்று எழுதுவதற்கு முன்

இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் நர்ஸ் நோட்ஸில் அடிக்கடி ஒரு வரியைப் பார்க்கலாம்: “நோயாளி அமைதியாக உள்ளார். வலி இல்லை.” பேசக்கூடிய நோயாளி என்றால் அவரே சொன்னதை எழுதியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பேச முடியாதவர் என்றால் அந்த வரி எங்கிருந்து வந்தது? யார் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள், அப்போது நோயாளி அசையாமல் படுத்திருந்தாரா, அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார்களா, அதற்கு முன் தூக்க ஊசி ஏதாவது போட்டார்களா? அந்த வரியில் இதில் எதுவும் இல்லை. அடுத்த ஷிப்டில் வருபவர் அதை நம்பித்தான் அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

எலும்பு வார்டில் நான் பார்த்த பல முதியவர்களை ஒரே பாட்டியாக்கி இங்கே சொல்கிறேன். வயது 78, எடை 42 கிலோ. முற்றிய மறதி நோய். சில ஒற்றைச் சொற்கள் தவிரப் பேச்சு கிடையாது. வீட்டில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். கூட இருப்பது மகள்.

இந்தப் பாட்டிக்கு வலி இருக்குமா என்ற கேள்விக்கு முதல் பதில் அவர் முகத்தில் இல்லை, கேஸ் ஷீட்டில் இருக்கிறது. எலும்பை வெட்டித் துளைத்துக் கம்பி வைத்திருக்கிறார்கள். பேசத் தெரிந்த எல்லோருக்கும் இது வலிக்கிறது. அதனால் பாட்டிக்கும் வலிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். “வலி வரக்கூடிய காரணம்: இடது இடுப்பு ஆபரேஷன், இரண்டாம் நாள்” என்பதே குறிப்பின் முதல் வரி. சாதாரணமாகத் தெரியும் இந்த வரிக்கு ஒரு பின்னணி உண்டு. 2000-இல் நியூயார்க்கில் ஷான் மாரிசன், ஆல்பர்ட் சியூ என்ற இரண்டு மருத்துவர்கள் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நினைவு தெளிவாக இருந்தவர்களுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் முற்றிய மறதி நோய் உள்ளவர்களுக்குக் கிடைத்திருந்தது. முறிவு இருவருக்கும் ஒன்றுதான். கேட்டு வாங்க ஒருவருக்கு வாய் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

அடுத்தது, நோயாளியையே கேட்பது. பேச மாட்டார் என்று எழுதிவைத்திருந்தாலும் கேட்க வேண்டும். முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு நிஜமாகவே காத்திருக்க வேண்டும். “வலிக்குதா பாட்டி?” என்றால் சிலரிடம் அசைவே இருக்காது. அதே ஆளிடம் “கடுக்குதா?” என்றாலோ “நோவுதா?” என்றாலோ தலை அசையும். வலிக்கு நம் மொழியில் கடுப்பு, குத்தல், குடைச்சல், எரிச்சல், பிடிப்பு என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அந்த வீட்டில் எந்தச் சொல் புழங்கியது என்பதை மகளிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அப்புறம் ஒரு சோதனையும் வேண்டும். “கடுக்குதா?” என்பதற்குத் தலையாட்டியவர் “கடுக்கலையா?” என்பதற்கும் அதேபோல் தலையாட்டினால், அந்தத் தலையாட்டலைப் பதிலாக எடுக்க முடியாது. இரண்டையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். ‘கேட்டோம், நம்பத்தக்க பதில் வரவில்லை’ என்பதும் ஒரு தகவல்தான்.

இதற்குப் பிறகுதான் நடத்தையைப் பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோல். மறதி நோய் உள்ளவர்களுக்கு அதிகம் புழக்கத்தில் இருப்பது பெயினாட். 2003-இல் அமெரிக்காவில் லாடிஸ்லாவ் வோலிசரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டது. ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: மூச்சு, வாயிலிருந்து வரும் சத்தம், முகம், உடல், சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தம் 10. எப்போதாவது ஒரு முனகல் என்றால் 1, திரும்பத் திரும்பக் கத்தினாலோ அழுதாலோ 2. முகம் சுருங்கிப் பயந்தாற்போல இருந்தால் 1, பல்லைக் கடித்து முகம் கோணினால் 2. உடல் இறுகியிருந்தாலோ நிலைகொள்ளாமல் எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாலோ 1, விரல்களை மடக்கி இறுக்கி, முழங்காலை இழுத்துக்கொண்டு, தொடுபவர் கையைத் தள்ளினாலோ அடித்தாலோ 2. ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துப் போடும் மதிப்பெண் செல்லாது.

காலை 6 மணிக்குப் பாட்டி அசையாமல் படுத்திருந்தபோது நெற்றிச் சுருக்கம் மட்டும் இருந்தது. மொத்தம் 1. இரவு முழுக்க ‘வலி இல்லை’ என்று எழுதியவரும் இதைத்தான் பார்த்திருப்பார். அவர் பொய் எழுதவில்லை. 6.40-க்குப் படுக்கைப் புண் வராமலிருக்க வலப்பக்கம் திருப்பினோம். மூச்சு சிறிது நேரம் வாங்கியது, 1. “ஐயோ ஐயோ” என்று விடாமல் கத்தினார், 2. முகம் கோணியது, 2. என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார், 2. மகள் கன்னத்தைத் தடவியதும் ஓரளவு அடங்கினார், 1. மொத்தம் 8. நாற்பது நிமிட இடைவெளியில் ஒரே ஆள், ஒரே காயம், 1-உம் 8-உம். அடிபட்ட உடம்பு அசையாமல் கிடப்பதே வலியைத் தவிர்ப்பதற்காகத்தான். ஆகவே அசையாத நேரத்து மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் வலியை அளந்ததாகாது. ‘படுத்திருக்கையில் 1, திருப்புகையில் 8’ என்று இரண்டையும், எப்போது என்ன செய்தபோது என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் ஆசை.

எண்ணோடு சேர்த்து, பார்த்ததையும் சொல்லாகவே எழுத வேண்டும். “8” என்று மட்டும் எழுதினால், அடுத்து வருபவருக்கு எது மாறியது என்று தெரியாது. “திருப்பும்போது கத்தினார், நர்ஸின் கையைத் தள்ளினார்” என்று எழுதினால், மருந்துக்குப் பிறகு கையைத் தள்ளுகிறாரா என்று அவர் பார்ப்பார். “வலியில் இருப்பதாகத் தெரிகிறது”, “தொந்தரவு செய்கிறார்”, “ஒத்துழைக்கவில்லை” என்ற வாக்கியங்களை நான் ஒதுக்கிவிடுவேன். முதலாவது நம் முடிவு, மற்ற இரண்டும் நோயாளி மீது நாம் சாட்டும் குற்றம். மூன்றிலுமே நாம் கண்ணால் பார்த்தது இல்லை.

வீட்டார் சொல்வதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். பாட்டியின் மகள் சொன்னார்: “சிஸ்டர், அம்மா வலின்னு வாய் திறந்து சொன்னதே இல்ல. முந்தானை நுனியச் சுருட்டிக்கிட்டே இருப்பாங்க. அப்பவே எங்களுக்குத் தெரிஞ்சிரும்.” ஆஸ்பத்திரி உடுப்பில் முந்தானை ஏது? பார்த்தால் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எந்த அளவுகோலிலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. ‘மகள் தகவல்: வலி வந்தால் துணி நுனியைச் சுருட்டுவார்’ என்று கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் எழுதிவைத்தோம். அவர் மகள் என்பதையும் எழுதினோம், ஏனென்றால் நேற்று வந்த உறவினர் சொல்வதும் கூடவே வாழ்ந்தவர் சொல்வதும் ஒன்றல்ல. ஆனால் வலி எத்தனை என்று வீட்டாரை எண் சொல்லச் சொல்வது சரிவராது. சிலர் பயத்தில் கூட்டிச் சொல்வார்கள், சிலர் மருந்துக்குப் பயந்து குறைத்துச் சொல்வார்கள். வழக்கமான நடத்தை எது, இன்று மாறியது எது என்பதுதான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் என்ன ஆனது என்று கேட்கலாம். அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஆனால் அவற்றை வைத்து வலி உண்டு, இல்லை என்று தீர்மானிக்கக் கூடாது. காய்ச்சல், ரத்தக் குறைவு, பயம், சிறுநீர் முட்டுவது எல்லாமே நாடியை ஏற்றும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு வலியிலும் நாடி ஏறாமல் இருக்கலாம். தீவிர சிகிச்சைக்காக அமெரிக்காவில் 2018-இல் வெளியான வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: இவை ஏறினால், போய் முறையாக வலியைப் பார் என்பதற்கான அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்.

சரி, 8 என்று தெரிந்தாயிற்று. டியூட்டி டாக்டர் பாராசிட்டமால் 600 மில்லிகிராம் டிரிப்ஸ் வழியாக, ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை என்று எழுதினார். 50 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது உச்சம், அதனால்தான் வழக்கமான 1 கிராம் இல்லை. ‘தேவைப்பட்டால்’ என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்க முடியாதவருக்குத் தேவைப்படும்போது மருந்து என்றால், நடைமுறையில் அது யாரும் கேட்காத மருந்தாகவே போகும். 7 மணிக்கு ஆரம்பித்து 7.15-க்கு முடிந்தது.

இனிமேல்தான் பெரும்பாலான குறிப்புகள் அறுந்துபோகின்றன. மருந்து கொடுத்த நேரம் இருக்கும், மருந்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது இருக்காது. மறுபடி பார்க்கும் நேரத்தை மருந்துதான் முடிவு செய்கிறது. டிரிப்ஸில் ஏறிய பாராசிட்டமால் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் உச்சத்துக்கு வரும். அதே மருந்து மாத்திரையாகப் போனால் ஒரு மணிநேரம் காத்திருக்கலாம். டிரிப்ஸில் போகும் மார்ஃபினுக்கு 15 முதல் 30 நிமிடம். பாட்டியை 8 மணிக்கு மறுபடி பார்த்தோம். இங்கே நேரத்தை விடவும் முக்கியமானது, அன்று காலை செய்த அதே செயலைச் செய்து பார்ப்பது. படுத்திருக்கையில் போட்டால் 0 வந்திருக்கும், முன்பே 1-தானே. அதே பக்கம், அதே இரண்டு பேராகத் திருப்பினோம். ஒரே ஒரு முனகல், நெற்றிச் சுருக்கம், உடல் இறுகிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார், மகள் பேசியதும் அடங்கினார். மொத்தம் 4. கையைத் தள்ளவில்லை.

8 பாதியாகக் குறைந்தது. மருந்து வேலை செய்தது என்பதோடு, அந்தக் கத்தலுக்கு வலிதான் காரணம் என்பதற்கும் ஒரு சாட்சி கிடைத்தது. ஆனால் 4 என்பது போதும் என்று விடக்கூடிய எண் இல்லை. டாக்டர் மதியம் திருப்புவதற்கு இருபது நிமிடம் முன்பு மார்ஃபின் 1 மில்லிகிராம் சேர்த்தார். அப்போது திருப்பியதில் 2.

இந்த 2-ஐ எழுதும்போது கூடவே இரண்டு தகவல் எழுதினோம்: கூப்பிட்டதும் கண் திறந்தார், மூச்சு நிமிடத்துக்கு 16. இவை இல்லாமல் அந்த 2-க்கு மதிப்பில்லை. முகம் தளர்ந்து, சத்தம் நின்று, கை அசையாமல் இருப்பது வலி குறைந்ததாலும் இருக்கலாம், மயக்கத்தாலும் இருக்கலாம். அளவுகோலால் இரண்டையும் பிரிக்க முடியாது. நிலைகொள்ளாமல் இருக்கிறார் என்று ஹாலோபெரிடால் போட்டுவிட்டு, அடுத்த மணிநேரம் மதிப்பெண் 0 என்று எழுதினால் எழுதியது உண்மைபோலத் தெரியும். வலி அப்படியே இருந்து, அதைக் காட்டும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். இந்த ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. தூங்க வைக்கும் மருந்து ஏதாவது போயிருந்தால் அதன் பெயரும் நேரமும் அதே வரியில் வர வேண்டும்.

அன்று மாலை இன்னொன்று நடந்தது. காலை 10 மணிக்கு யூரின் டியூப்பை எடுத்திருந்தோம். 6 மணிவாக்கில் பாட்டி படுத்தபடியே கத்த ஆரம்பித்தார், காலை இழுத்துக்கொண்டார், போர்வையைச் சுருட்டினார். மதிப்பெண் 7. அன்று முழுக்கப் படுத்திருக்கையில் 1-க்கு மேல் போகாதவர். பாராசிட்டமால் நேரத்துக்குப் போயிருந்தது. “ராத்திரி தூங்கறதுக்கு ஏதாவது போட்டுரலாமா?” என்று ஒருவர் கேட்டார். காலையிலிருந்து எழுதிய குறிப்பு அங்கேதான் உதவியது. இந்த வலியின் வடிவம் வேறு: காலையில் திருப்பினால்தான் வந்தது, இப்போது சும்மா இருக்கும்போதே வருகிறது, வலிமருந்துக்கும் அடங்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே உருண்டு நின்றது. டியூப் போட்டதும் 650 மில்லி சிறுநீர் வந்தது. கால் மணிநேரத்தில் மதிப்பெண் 1.

சிகிச்சைக்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைச் சாட்சியாக எடுப்பதில் இரண்டு பக்கமும் இடறலாம் என்பது இதில் தெரிகிறது. மருந்துக்கு அடங்கவில்லை என்றால் வலியே இல்லை என்று அர்த்தமில்லை. மருந்து தவறாக இருக்கலாம், அளவு போதாமல் இருக்கலாம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், இறுகிய கட்டு, படுக்கைப் புண் போன்று வேறு இடத்தில் காரணம் இருக்கலாம். அதேபோல் அடங்கியது என்றால் வலிதான் என்றும் ஒரே தடவையில் உறுதி செய்ய முடியாது. பாராசிட்டமால் காய்ச்சலையும் இறக்கும், மார்ஃபின் தூங்கவும் வைக்கும். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடந்தால்தான் நம்பிக்கை கூடும்: மருந்து போனால் குறைகிறது, ஒரு வேளை தவறினால் அதே நடத்தை திரும்ப வருகிறது. நார்வேயில் பெட்டினா ஹூசெபோ குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்த யோசனையின் பெரிய வடிவம். முதியோர் இல்லங்களில் மறதி நோயோடு நிலைகொள்ளாமல் இருந்த 352 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் படிப்படியாக வலிமருந்து கொடுத்தார்கள். பெரும்பாலானோருக்குப் பாராசிட்டமால்தான். அவர்களிடம் நிலைகொள்ளாமை சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது மறுபடி கூடியிருந்தது. மனநிலைக் கோளாறு என்று எண்ணப்பட்டதில் ஒரு பகுதி வலியாக இருந்திருக்கிறது.

அளவுகோலுக்கும் எல்லை உண்டு. பெயினாட்டில் 6 என்பது, பேசுபவர் பத்துக்கு 6 என்று சொல்வதற்குச் சமமில்லை. நடத்தை எவ்வளவு தெரிகிறது என்பதுதான் அந்த எண், வலி எவ்வளவு என்பதல்ல. அதனால் ஒருவருடைய எண்ணை அவருடைய முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும், பக்கத்துக் கட்டிலோடு அல்ல. பார்க்கின்சன் நோயில் முகத்தசை விறைத்திருப்பதால் வலி இருந்தாலும் முகத்துக்கு 0 வரலாம். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கம் அசையாது. இதைக் குறிப்பில் எழுதாவிட்டால் குறைந்த எண் நிம்மதி தரும் எண்ணாகத் தெரியும். மூச்சுக் கருவியில் இருப்பவருக்குச் சத்தமே வராது, அவருக்கு வேறு அளவுகோல்: கனடாவில் செலின் ஜெலினா 2006-இல் வெளியிட்ட சிபாட். முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், கருவியோடு ஒத்துப்போகிறாரா என்று நான்கைப் பார்க்கும், மொத்தம் 8. தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஆட்ராகியூரியம், வெக்குரோனியம் போன்ற மருந்துகளில் இருப்பவருக்கு எந்த நடத்தை அளவுகோலும் பயன்படாது. அவரால் புருவத்தைக்கூடச் சுருக்க முடியாது. அங்கே ‘0’ என்று எழுதுவது பெரிய தவறு. ‘அளக்க இயலவில்லை, தசை தளர்த்தும் மருந்து ஓடுகிறது, வலி இருப்பதாகக் கொண்டு வலிமருந்து தொடர்கிறது’ என்று எழுத வேண்டும்.

பாட்டியின் அன்றைய குறிப்பை மாலை ஷிப்டில் ஒப்படைத்தபோது அது இப்படி இருந்தது:

“இடது இடுப்பு ஆபரேஷன், இரண்டாம் நாள். கேட்டதற்கு நம்பத்தக்க பதில் இல்லை. மகள் தகவல்: வலி வந்தால் துணி நுனியைச் சுருட்டுவார். காலை 6.00 படுத்திருக்கையில் பெயினாட் 1. 6.40 வலப்பக்கம் திருப்புகையில் 8: விடாமல் கத்தினார், முகம் கோணியது, கையைத் தள்ளினார். 7.00 பாராசிட்டமால் 600 மி.கி. டிரிப்ஸில். 8.00 அதே பக்கம் திருப்புகையில் 4: ஒரு முனகல், கம்பியைப் பிடித்தார், தள்ளவில்லை. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. பகல் 12.40 மார்ஃபின் 1 மி.கி. 1.00 திருப்புகையில் 2, கூப்பிட்டால் விழிக்கிறார், மூச்சு 16. மாலை 6.00 படுத்திருக்கையிலேயே 7, கால் இழுத்தல். அடிவயிறு உப்பல். 6.10 டியூப், 650 மி.லி. 6.25-க்கு 1. தூக்க மருந்து எதுவும் தரப்படவில்லை. அடுத்த பாராசிட்டமால் இரவு 7.00. அது ஏறி முடிந்த பிறகே, 8 மணிக்குத் திருப்பவும். திருப்புகையில் மதிப்பெண் எழுதவும்.”

இரவு ஷிப்டுக்கு வந்தவர் கடைசி வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, திருப்பும் நேரத்தைத் தன் கைக்குறிப்பில் 8 மணிக்கு மாற்றி எழுதிக்கொண்டார்.